ஆக்சஸ் மோட் மைலேஜ் மோட் இல்லை

வண்டியைத் தாழ்த்தும் ஆக்சஸ் மோடை அழுத்திவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கு ஓட்டினேன், லிட்டருக்கு 10 இருந்த மைலேஜ் 12 ஆகிவிட்டது என்று ஒரு தம்பி போட்ட வீடியோவைப் பற்றி இனிமேல் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றும் இரண்டு பேர் அதை எனக்கு அனுப்பி, "அண்ணே, நீங்க சொன்னது தப்புன்னு ஆயிடுச்சே" என்று கேட்டதால் எழுதுகிறேன். அது தப்பு என்று அதன் கீழே நான் போட்ட கமெண்டுக்கு வந்த பதில்களை எல்லாரும் படித்திருப்பீர்கள். ஒர்க்ஷாப்காரனுக்கு வண்டி கெட்டால்தான் காசு, அதனால்தான் நல்ல விஷயத்தைச் சொல்லவிடாமல் தடுக்கிறான் என்று எழுதியவர்களில் பாதிப் பேர் என் கடையில் டீ குடித்தவர்கள். அது வலிக்கத்தான் செய்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆக்சஸ் மோட் மைலேஜுக்காக வைத்தது இல்லை. ஆள் ஏறி இறங்க வைத்தது. ஏர் சஸ்பென்ஷன் வண்டி ஓடும்போது தானாகக் கொஞ்சம் தாழ்ந்து டீசலை மிச்சம் பிடிப்பது உண்மை, ஆனால் அது வேறு வேலை, வேறு உயரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் அந்த வீடியோவில் நடந்த தப்பு.

ரேஞ்ச் ரோவரை எடுத்துக்கொள்வோம், 2012இல் வந்த தலைமுறை. நாலு சக்கரத்துக்கும் இரும்புச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, காற்று அடைத்த ரப்பர் பலூன்தான். கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் வண்டி உயரும், வால்வைத் திறந்து வெளியே விட்டால் இறங்கும். சக்கரத்துக்கு ஒரு சென்சார், சின்ன ராட் மூலம் உயரத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நார்மல் உயரத்திலிருந்து ஆக்சஸ் 50 மில்லிமீட்டர் கீழே. கல்லும் மேடும் உள்ள பாதைக்கு 40, 75 என்று மேலே இரண்டு உயரம். இது போக, 105 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நிலைத்து ஓடினால் நீங்கள் எந்த ஸ்விட்ச்சையும் தொடாமலே வண்டி 15 மில்லிமீட்டர் இறங்கிக்கொள்ளும். அந்த 15தான் டீசலுக்காக. 50 இல்லை.

ஏன் இறங்கினால் மிச்சம்? வண்டியின் அடிப்பக்கம் மேல்பக்கம் மாதிரி வழவழப்பாக இருக்காது. சைலன்சர், பைப், சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் புகும் காற்று முட்டி மோதிக்கொண்டு போகும். இறங்கினால் கீழே புகும் காற்று குறையும், டயரும் வெளியே தெரிவது குறையும். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 100 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பில் 40 கிலோமீட்டரில் இருப்பது 16 சதவீதம்தான். அதனால்தான் கம்பெனி இந்த இறக்கத்தை அதிக வேகத்துக்கு மட்டும் வைத்திருக்கிறது.

அப்படியென்றால் எவ்வளவு மிச்சம்? 100ஐ ஒட்டி ஓடும் ஒரு பெரிய எஸ்யூவியில் எஞ்சின் எதிர்த்துத் தள்ள வேண்டியதில் ஐந்தில் மூன்று பங்கு காற்று, மீதி பெரும்பாலும் டயர் உருளும் தடை. 15 மில்லிமீட்டர் இறங்கி காற்று எதிர்ப்பு 2 சதவீதம் குறைந்தது என்று வைத்தால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 10.1 கொடுக்கும். 100 கிலோமீட்டர் ஓடினால் ஒரு டீ கிளாஸ் டீசல். அமெரிக்காவில் ராம் 1500 பிக்கப்பில் 2013 மாடலில் இதற்கென்றே ஏரோ மோட் வைத்து 28 மில்லிமீட்டர் வரை இறக்கினார்கள், அவர்களே சொல்லிக்கொண்டது சுமார் 1 சதவீதம்தான். விற்கிறவனே 1 என்று சொல்லும்போது, வீடியோ போட்ட நம் தம்பி லிட்டருக்கு 10 இருந்தது 12 ஆகிவிட்டது என்கிறார். அது 20 சதவீதம்.

"கம்ப்யூட்டர் 12 காட்டுதே, அது பொய் சொல்லுமா?" என்று கேட்டார்கள். பொய் சொல்லவில்லை. 12 வந்திருக்கும். ஆனால் எந்த ரோட்டில், எந்தப் பக்கமாக ஓட்டினார்? கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 410 மீட்டர் சுமார், பாலக்காடு 85 சுமார். ஐம்பது கிலோமீட்டரில் முன்னூறு மீட்டருக்கு மேல் இறக்கம். கண்ணுக்குத் தெரியாத சரிவு, ஆக்சிலேட்டரில் கால் வைத்தவனுக்குத் தெரியும். 2,400 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல், டீசல் எஞ்சினின் திறனை வைத்துப் பார்த்தால் அரை லிட்டருக்கு மேல் டீசலுக்குச் சமம். ஐந்து லிட்டர் ஆக வேண்டிய இடத்தில் நாலரை ஆனாலே லிட்டருக்கு 11 வந்துவிடும்.

மீதி ஒன்று எங்கிருந்து வந்தது? வீடியோ எடுத்தது பொங்கல் லீவில். அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும் என்பது கஞ்சிக்கோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். வண்டி 80இல் போகிறது, பின்னாலிருந்து 20இல் காற்று தள்ளுகிறது என்றால் வண்டிக்கு எதிரே வருவது 60 வேகக் காற்றுதான். எதிர்ப்பு பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். பலூனில் 50 மில்லிமீட்டர் என்ன, வண்டியையே தரையில் ஒட்டி ஓட்டினாலும் அவ்வளவு குறையாது. வாளையார் சரிவும் தை மாதக் காற்றும் கொடுத்த டீசலை ஆக்சஸ் மோட் கணக்கில் எழுதிவிட்டார்.

இன்னொன்று, அவர் ஆக்சஸ் உயரத்தில் ஓட்டவே இல்லை. அந்த மோடில் அதிகபட்சம் 40 கிலோமீட்டர் வேகம் வரைதான் வண்டி தாழ்ந்து இருக்கும், தாண்டினால் தானே நார்மலுக்கு ஏறிவிடும். அவர் வீடியோவின் நடுவில் ஸ்விட்ச் பக்கம் ஒரு நொடி கேமரா போகிறது, நிறுத்திப் பாருங்கள், நார்மல் விளக்கு எரிகிறது. ஸ்பீடோமீட்டரில் 80. இதைத்தான் அன்றைக்கு மரியாதையாக எழுதினேன். பொறாமை என்றார்கள்.

"அவ்வளவு தெரிஞ்சா நீங்க ஒரு வண்டி வாங்கிக் காட்டுங்க" என்று ஒருவர். இதற்கு என்ன பதில் சொல்வது? துபாயில் பல வருஷம் இந்த வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்தவன் நான், அது போதும்.

"15க்கு 1 சதவீதம்னா 50க்கு மூணு வருமே, அதாவது லாபம்தானே" என்று கேட்டவருக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், கேள்வி நியாயமானது. 40 வரை மட்டும் தாழ்ந்து ஓடினால் அந்த வேகத்தில் காற்றே பெரிய செலவு இல்லை, மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. 80, 100இல் தாழ்ந்து ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை ஏமாற்ற வேண்டும். அதற்குத்தான் சென்சார் ராடை நீளம் மாற்றி மாட்டுகிறார்கள். வண்டி தாழ்ந்து நிற்கும், கம்ப்யூட்டர் நார்மல் என்று நம்பும். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அப்படி மாட்டிய ஒரு வண்டி போன மாதம் என்னிடம் வந்தது, பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். அவர் சொன்ன குறை, வேகத்தடையில் "டங்" என்று அடிக்கிறது. அடிக்காமல்? சக்கரம் மேலே எழும்ப வைத்திருந்த இடத்தில் 50 மில்லிமீட்டர் போய்விட்டது, பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கிறது. ரப்பர் நசுங்கி விரிந்திருந்தது. டயரில் கை வைத்துப் பார்த்தேன், வெளி விளிம்பு புதுசு மாதிரி இருக்கிறது, உள் விளிம்பில் கம்பி தெரியப்போகிறது. தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், உள்பக்கம் மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து உள்ளே டார்ச் அடித்தால்தான் தெரியும். அந்த நாலு டயர் விலைக்கு எத்தனை டீ கிளாஸ் டீசல்?

சரியாக இருக்கிற வண்டியிலும் நம் ரோட்டில் அந்த 15 மில்லிமீட்டர் இறக்கம் அனேகமாக வராது. கேரளத்தில் நாலு வழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு வரம்பு 100. வண்டி இறங்குவது 105க்கு மேல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்குப் போகிறவர் 60ஐத் தொட்டாலே பெரிய விஷயம். மைலேஜ் வேண்டுமென்றால் டயர் காற்றைப் பாருங்கள், கூரை மேல் மாட்டிய காலி கேரியரைக் கழற்றுங்கள்.

ஆக்சஸ் மோடைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்தபோது ஒரு கஸ்டமர் அண்ணன் தன் வண்டியைக் கொடுத்தார். அவ்வளவு உயர வண்டியில் அம்மா எப்படி ஏறுவார் என்று பயந்தேன். ஸ்விட்ச்சை அழுத்தினார், வண்டி மெதுவாக இறங்கியது, அம்மா என் தோளைப் பிடிக்காமல் தானே உட்கார்ந்து, "பரவால்லியே, நமக்காக குனியுது" என்றார். அந்த 50 மில்லிமீட்டர் அந்த மாதிரி முட்டிகளுக்காக யோசித்து வைத்தது. அதை ரோட்டில் வியூ வாங்கும் வித்தையாக்கி, ஆட்சேபித்தவனைத் திருடன் மாதிரி பேசியதில்தான் எனக்குக் கோபமே.

அதிலும் கவனம் வேண்டும். நிறுத்திய இடத்தில் அடியில் கல்லோ திண்ணை விளிம்போ இருந்தால் இறங்கும்போது அதன் மேல் உட்காரும். குழந்தைகள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை விடக்கூடாது. ஏற்றும்போது கதவைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும், அது பழுது இல்லை, பாதுகாப்புக்கு. ராத்திரி நிறுத்தி காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அது பழுதுதான், பலூனிலோ பைப் இணைப்பிலோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதைத் தள்ளிப்போட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் போகும், அதன் விலையும் கையைக் கடிக்கும்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பாலக்காட்டில் டேங்கை நிரப்பிக்கொண்டு அதே வண்டியில் அதே வேகத்தில் கோயம்புத்தூருக்கு ஏறுங்கள், அங்கே மறுபடி நிரப்பி பில்லைக் காட்டுங்கள். அதே நாளில் திரும்பி இறங்கி இன்னொரு பில். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு, ஆக்சஸை அழுத்தி ஒருமுறை, அழுத்தாமல் ஒருமுறை. நானும் கூட வருகிறேன்.

அந்த வீடியோவைப் பார்த்து ராட் மாட்டியவர்கள் கடைக்கு வாருங்கள். கழற்றிப் பழைய ராடை மாட்டி உயரத்தை அளந்து செட் செய்து தருகிறேன், கூலி வேண்டாம். பழைய ராடைத் தூக்கிப் போட்டிருக்காதீர்கள், கையோடு எடுத்து வாருங்கள்.