ஹால்வெல் பொய் சொன்னாரா என்பது முதல் கேள்வி அல்ல

வரலாற்று அசைன்மென்ட்டில் ஒரு மூல ஆவணத்தைக் கொடுத்து ஆராயச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்: "இதை எழுதியவர் ஆங்கிலேயர், எனவே ஒருதலைப்பட்சமானது, எனவே நம்பத்தகுந்தது அல்ல." இந்த வாக்கியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எழுதியவரின் பெயரையும் நாட்டையும் பார்த்தவுடனேயே இதை எழுதிவிடலாம், ஆவணத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சார்பு இல்லாத ஆவணம் என்று ஒன்று கிடையாது. அந்தச் சார்பு எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த வாக்கியத்தைப் பாதிக்கிறது, எதைப் பாதிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

நம் பாடநூல்களில் வரும் இருட்டறைத் துயரச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 1756 ஜூன் 20 அன்று வங்காள நவாப் சிராஜ்-உத்-தௌலாவின் படை கல்கத்தாவின் வில்லியம் கோட்டையைப் பிடித்தது. அன்றிரவு 146 பேர் ஒரு சிறிய அறையில் அடைக்கப்பட்டதாகவும், காலையில் 23 பேர் மட்டுமே உயிரோடு வந்ததாகவும் சொல்கிறவர் ஜான் ஹால்வெல். அவரும் அந்த அறைக்குள் இருந்து பிழைத்தவர். கப்பலில் இங்கிலாந்து திரும்பும்போது ஒரு நண்பருக்கு எழுதிய கடிதமாக அவருடைய விவரிப்பு அமைந்திருக்கிறது.

யார் எழுதியது? "கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி" என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. ஹால்வெல் மருத்துவராக வந்து கம்பெனி நிர்வாகத்துக்குள் போனவர். முற்றுகையின்போது ஆளுநர் டிரேக் கப்பல் ஏறித் தப்பிவிட, மிஞ்சியவர்களுக்குத் தலைமை ஏற்றவர். அவர் மனம் விரும்பித் தங்கினாரா, படகு கிடைக்காமல் தங்கினாரா என்று அந்தக் காலத்திலேயே சர்ச்சை இருந்தது. அப்படியென்றால் தன் நடத்தையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அந்தத் தேவை நவாபுக்கு எதிரானது மட்டுமல்ல, தன் சக ஆங்கிலேயர்களுக்கு எதிரானதும்தான். 'ஆங்கிலேயர்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் இது கண்ணில் படாது.

ஏன் எழுதினார்? இங்கே தேதிதான் உதவும். "பிளாசிப் போரை நியாயப்படுத்தவே ஹால்வெல் இதை எழுதினார்" என்று பல விடைத்தாள்களில் வருகிறது. கடிதத்தில் உள்ள தேதி 1757 பிப்ரவரி 28. பிளாசி நடந்தது ஜூன் 23. இன்னும் நடக்காத ஒன்றை நியாயப்படுத்த யாராலும் எழுத முடியாது. ஆனால் கடிதம் நூலாக அச்சானது 1758-இல், அதாவது வெற்றிக்குப் பிறகு. எழுதிய நோக்கமும் வெளியிட்ட நோக்கமும் வேறு வேறாக இருக்கலாம். அச்சுக்கு முன் அவர் திருத்தியிருக்கவும் இடமுண்டு. எழுதிய ஆண்டு, வெளியான ஆண்டு இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால்தான் இந்த வேறுபாடு கைக்குக் கிடைக்கும்.

சரி, நம்பலாமா? இந்தக் கேள்வியை முழு ஆவணத்திடம் கேட்காதீர்கள், ஒவ்வொரு கூற்றிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் 146 என்ற எண். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள், 1756 ஜூலை 17 அன்று, ஹால்வெல் ஒரு கடிதத்தில் 165 அல்லது 170 பேர் அடைக்கப்பட்டதாகவும் 16 பேர் பிழைத்ததாகவும் எழுதினார். ஆகஸ்ட் 3 தேதியிட்ட கடிதத்தில், தான் கூட்டிச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டு, உள்ளே போனது 146, இறந்தது 123 என்று மாற்றினார். இதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. திருத்திக்கொண்டது நேர்மையின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த எண் எண்ணி எடுத்த கணக்கு அல்ல, மதிப்பீடு என்பது இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. இருட்டும் நேரத்தில், தோற்ற கோட்டையில், கும்பலாக உள்ளே தள்ளப்பட்டவர்களை யார் எண்ணியிருப்பார்கள்? இறந்தவர்கள் என்று அவர் கொடுத்த பட்டியலில் பெயரோடு இருப்பவர்கள் 123-இல் பாதிகூட இல்லை.

அறையின் அளவையும் பாருங்கள். பின்னாளில் சொல்லப்பட்ட அளவு 18 அடிக்கு 14 அடி 10 அங்குலம், ஏறக்குறைய 267 சதுர அடி. 146 பேர் என்றால் ஆளுக்கு இரண்டு சதுர அடிகூட வராது. நெருக்கி நின்றால் முடியாது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் அதே விவரிப்பில் அவர் ஜன்னலருகிலிருந்து அறையின் மறுபக்கத்து மேடைக்குப் போகிறார், பிறகு மீண்டும் ஜன்னலுக்கு வருகிறார். அந்த நெரிசலில் அது எப்படி என்று கேட்டால், ஆவணத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு மோதுவது தெரியும். இப்படி உள்ளிருந்தே முரணைப் பிடிக்க வெளி நூல் எதுவும் தேவையில்லை. 1915-இல் ஆய்வாளர் ஜே. எச். லிட்டில் ஹால்வெலின் நம்பகத்தன்மையையே கேள்விக்குள்ளாக்கினார். 1959-இல் வரலாற்றாசிரியர் பிரிஜேன் குப்தா, சம்பவம் நடந்தது உண்மை, ஆனால் அடைக்கப்பட்டவர்கள் 64 பேர், பிழைத்தவர்கள் 21 பேர் என்று மதிப்பிட்டார்.

அடுத்து, பலரும் தாண்டிப் போகிற ஓர் இடம். இந்தச் சாவுக்கு நவாப் நேரடியாக உத்தரவிட்டார் என்று ஹால்வெல் சொல்லவில்லை. இரவுக்குக் காவலில் வைக்கும்படி பொதுவான உத்தரவுதான் இருந்திருக்கும், நடந்தது கீழ்நிலை ஜமேதார்களின் பழிவாங்கல் என்பதே தன் நம்பிக்கை என்று எழுதுகிறார். சிராஜ்மீது பழி போடுவது அவருக்கு எளிது, லாபமும்கூட. அப்படியும் போடவில்லை. தன் சார்புக்கு எதிராக ஒருவர் சொல்வதற்குக் கூடுதல் எடை கொடுக்கலாம். அவர் நவாபின் மனதை அறிந்தவர் அல்ல, ஊகம்தான் செய்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அப்புறம் மற்றச் சான்றுகள். அந்தக் காலப் பாரசீக வரலாறான சியார்-உல்-முதாக்கிரின் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசவில்லை. இதை வைத்து "நடக்கவே இல்லை" என்று எழுதுவது அவசரம். அந்த ஆசிரியருக்கு அது சிறிய நிகழ்வாகத் தோன்றியிருக்கலாம். மௌனம் சந்தேகத்துக்கு இடம் தருகிறது, மறுப்பாக ஆகிவிடாது. ஆங்கிலேயத் தரப்பில் கூக் என்ற இன்னொரு உயிர் பிழைத்தவர் 1772-இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். பதினாறு ஆண்டுகள் கழித்து, ஹால்வெலின் நூல் எங்கும் பரவிய பிறகு. அவர் நினைவிலிருந்து சொன்னாரா, நூலில் படித்ததையும் சேர்த்துச் சொன்னாரா என்று கேட்காமல் அதை இரண்டாவது சாட்சி என்று எண்ணக் கூடாது.

ஆக, விடைத்தாளில் நான் பார்க்க விரும்புவது இப்படியொரு பத்தி: "ஒரு சிறிய அறையில் கைதிகள் மூச்சுத்திணறி இறந்தார்கள் என்பதற்கு ஹால்வெலின் விவரிப்பு வலுவான சான்று. எண்ணிக்கைக்கு அது பலவீனமான சான்று, ஏனெனில் அவரே அதை மாற்றியிருக்கிறார். கோட்டை வீழ்ச்சியில் தன் பங்கைப் பற்றி அவர் சொல்வதை மற்றவர்களின் கடிதங்களோடு ஒப்பிடாமல் ஏற்க முடியாது." மூன்று கூற்றுகளுக்கு மூன்று அளவு நம்பிக்கை, ஒவ்வொன்றுக்கும் காரணம்.

ஹால்வெலின் பிற எழுத்துகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1760-இல், சிராஜுக்குப் பின் நவாபான மீர் ஜாபரை நீக்க முனைந்த அவர், மீர் ஜாபர் பலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டினார். 1766-இல் கிளைவும் அவருடைய குழுவும் எழுதிய கடிதம், அப்படிக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்களில் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறது. லிட்டில் போன்றவர்களுக்கு இது பெரிய ஆயுதமானது. ஆனால் மீர் ஜாபரை அரியணையில் ஏற்றியதே கிளைவ்தான், மீர் ஜாபரின் பெயரைக் காப்பதில் கிளைவுக்கும் அக்கறை உண்டு. எனவே அந்தக் கடிதத்தையும் யார், ஏன், எப்போது என்று கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இருந்தாலும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அப்போது விசாரித்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி. அந்தப் பகுதிக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.