அக்கா மகள் துறைத் தலைவருக்கு எழுதிய மின்னஞ்சல்

இடைப்பருவ விடுமுறைக்கு அக்கா மகள் கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்கினாள். காரில் ஏறிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, கைப்பேசியை நீட்டிவிட்டாள். “மாமா, துறைத் தலைவருக்கு எழுதியிருக்கேன். அனுப்பலாமான்னு பார்த்துச் சொல்லுங்க.”

ஒன்பது பத்தி. இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் பாடம், 3 கிரெடிட். ‘எப்போதும் தாமதம்’, ‘எதுவுமே ஒழுங்காக நடப்பதில்லை’, ‘லெக்சரருக்குப் பொறுப்பே இல்லை’, ‘பிடிபிடிஎன் கடன் வாங்கிப் படிக்கிறோம்’, ‘வகுப்பே கொதித்துப் போயிருக்கிறது’. ஒரு வரிகூடப் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அனுப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்பதும் தெரியும்.

நான் 11 வருடம் ஒரு தனியார் கல்லூரியில் பாட ஒருங்கிணைப்பாளராக இருந்தவன். இந்த மாதிரி மின்னஞ்சல்கள் வந்து விழுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ‘எதுவுமே சரியில்லை’ என்று ஒரு கடிதம் வந்தால் துறைத் தலைவர் என்ன செய்வார்? சம்பந்தப்பட்ட லெக்சரருக்கு அதை அப்படியே அனுப்பி, விளக்கம் கேட்பார். லெக்சரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு பக்கம் எழுதுவார். அதை வாங்கி வைத்துக்கொண்டு துறைத் தலைவர் மாணவருக்கு ‘கவனத்தில் கொண்டோம்’ என்று பதில் போடுவார். கோப்பு மூடிவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு செய்வதற்கு அவரிடம் வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

‘பணிவாக எழுது’ என்றுதான் எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். பணிவு வேண்டும், சரி. ஆனால் பணிவான புலம்பலும் புலம்பல்தான்.

அன்று ராத்திரி ஒரு மாமாக் உணவகத்தில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறுகிற வரைக்கும் ஒரு வேலை செய்தோம். வாட்ஸ்அப் குழுவை முதல் வாரத்திலிருந்து மேலே ஓட்டிப் பார்த்து, என்ன எப்போது நடந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். இடது பக்கம், முதல் வாரம் கொடுத்த பாடத் திட்டத் தாளில் இருப்பது. வலது பக்கம், உண்மையில் நடந்தது. அந்தத் தாள்தான் இந்த விஷயத்தில் முக்கியம். எந்த வாரம் என்ன தலைப்பு, எந்த மதிப்பீட்டுக்கு எத்தனை விழுக்காடு என்று துறையே கையில் கொடுத்தது. நீங்கள் அளப்பது உங்கள் விருப்பத்தை வைத்து அல்ல, அவர்கள் சொன்னதை வைத்துத்தான்.

முதல் குவிஸ் 4ஆம் வாரம் என்று தாளில் இருந்தது. நடந்தது 5ஆம் வாரம். அறிவிப்பு வந்தது முதல் நாள் இரவு 9.40க்கு, வாட்ஸ்அப்பில். ஐந்து கேள்வியில் இரண்டு நம்பிக்கை இடைவெளி பற்றியவை. அந்தத் தலைப்பு விரிவுரையில் வந்ததே 6ஆம் வாரம்தான். 7ஆம் வாரம் முடிந்தும் மதிப்பெண் வரவில்லை. இரண்டாம் குவிஸ் 9ஆம் வாரம். டி-சோதனையை டியூட்டோரியலில் 6ஆம் வாரமே செய்யச் சொல்லிவிட்டார்கள், விரிவுரையில் அது வந்தது 7ஆம் வாரம். குழுத் திட்டப்பணிக்கு 40 விழுக்காடு. ஏ பிரிவுக்கு 11ஆம் வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லியிருக்கிறார்கள், பி பிரிவுக்கு 12ஆம் வாரம். ஒரே பாடம், ஒரே திட்டப்பணி!

எழுதி முடித்ததும் அவளே பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினாள். “மாமா, முதல் மூணு வாரம் எல்லாமே தாள்படிதான் நடந்திருக்கு.”

உண்மைதான். 4ஆம் வாரத்தில் லெக்சரர் மாறியிருக்கிறார். முதலில் இருந்தவர் மூன்று வாரம் எடுத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போக, புதியவர் வந்து 3ஆம் வாரத்துப் பாடத்தையே மறுபடி நடத்தியிருக்கிறார். விரிவுரை அங்கேயே ஒரு வாரம் பின்தங்கிவிட்டது. டியூட்டோரியல் நடத்துபவர் வேறு ஆள். பழைய அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். குவிஸ் கேள்வித்தாளும் பழைய அட்டவணைக்குத் தயாரானது போலத்தான் இருக்கிறது. அதாவது, ஒன்பது பத்தியில் அவள் திட்டியிருந்த பெண்மணி சோம்பேறி என்பதற்கு அந்த நோட்டில் ஓர் ஆதாரமும் இல்லை. பாடம் கைமாறிய இடத்தில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை என்பதற்குத்தான் வரிக்கு வரி ஆதாரம் இருந்தது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. லெக்சரர் சரியில்லை என்று எழுதினால் துறைத் தலைவர் தன் ஆளுக்காகப் பேச வேண்டியிருக்கும். 4ஆம் வாரத்துக்குப் பிறகு விரிவுரை, டியூட்டோரியல், குவிஸ் மூன்றும் வெவ்வேறு அட்டவணையில் ஓடுகின்றன என்று எழுதினால், அது அவருடைய வேலை. மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க அவரால்தான் முடியும்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். லெக்சரரிடம் முதலில் பேசினாயா? துறைத் தலைவர் கேட்கப்போகிற முதல் கேள்வி அதுதான். நல்லவேளை, 6ஆம் வாரம் வகுப்பு முடிந்ததும் வகுப்புப் பிரதிநிதியோடு போய்க் கேட்டிருக்கிறாள். “பார்த்துச் சொல்கிறேன்” என்றாராம். அதையும் எழுதிக்கொண்டோம். கேட்காமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை முதலில் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

என்ன கேட்பது என்பதில்தான் நேரம் அதிகம் போனது. முதல் குவிஸை ரத்து செய்து அந்த 10 விழுக்காட்டைத் திட்டப்பணியோடு சேர்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். நியாயமான ஆசைதான். ஆனால் மதிப்பீட்டு விழுக்காடு பாடத்தின் அங்கீகாரத்தோடு வருவது. பருவத்தின் நடுவில் துறைத் தலைவர் தனியாக மாற்றிவிட முடியாது, பொதுவாக அது மேலே போக வேண்டும். அவரால் முடியாததை முதல் வரியில் கேட்டால், முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு மற்றதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது சுலபம். தேதியை மாற்றுவது, மதிப்பெண்ணைக் கொடுக்கச் சொல்வது, இரண்டு பிரிவுக்கும் ஒரே அறிவிப்புப் போடச் சொல்வது, இவையெல்லாம் அவர் ஒரு போன் பேசினால் முடியும்.

கடைசியில் போன கடிதம் இது. மூலம் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்.

“பொருள்: புள்ளியியல் பாடம், 9ஆம் வாரக் குவிஸுக்கு முன் மூன்று வேண்டுகோள்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்,

நாங்கள் ஏ, பி இரு பிரிவுகளையும் சேர்ந்த ஆறு மாணவர்கள். 4ஆம் வாரம் முதல் இந்தப் பாடத்தின் விரிவுரையும் டியூட்டோரியலும் மதிப்பீடும் பாடத் திட்டத் தாளிலிருந்து விலகியுள்ளன. வாரவாரியான பட்டியலை இணைத்துள்ளோம். உதாரணமாக, முதல் குவிஸில் ஐந்தில் இரண்டு கேள்விகள் அடுத்த வாரம் நடத்தப்பட்ட தலைப்பிலிருந்து வந்தன. அதன் மதிப்பெண் இன்னும் கிடைக்காததால், இரண்டாம் குவிஸுக்கு எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியவில்லை.

6ஆம் வாரம் லெக்சரரிடம் இதைத் தெரிவித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் இதில் டியூட்டோரியலும் இன்னொரு பிரிவும் அடங்கியிருப்பதால் உங்களிடம் வருகிறோம்.

எங்கள் வேண்டுகோள்: முதல் குவிஸின் மதிப்பெண்ணும் விடைகளும் இரண்டாம் குவிஸுக்கு முன் கிடைக்க வேண்டும். 8 முதல் 14ஆம் வாரம் வரையிலான ஒரே அட்டவணை, இரு பிரிவுக்கும் பொதுவாக, கற்றல் தளத்தில் பதிவேற்றப்பட வேண்டும். திட்டப்பணிக்கு ஒரே விளக்கத் தாளும் ஒரே கடைசி நாளும் வேண்டும்.

முதல் மூன்று வார விரிவுரைக் குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் எங்களுக்கு மிகவும் உதவின. நேரில் பேச வேண்டுமானால் புதன் மதியம் வர முடியும்.”

கீழே ஆறு பெயர்கள், மெட்ரிக் எண்கள். அறுபது பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்களாம். வேண்டாம் என்றேன். அறுபது கையெழுத்து வந்தால் அது போராட்டம் ஆகிவிடும், அதற்குத் தனிக் கூட்டம் போடுவார்கள். ஒரே பெயர் என்றால் அந்தப் பிள்ளை பயப்படும். இரண்டு பிரிவிலிருந்தும் மூன்று மூன்று பேர் என்றால் போதும். டீனுக்கு நகல் அனுப்பவில்லை. முதல் கடிதத்திலேயே மேலிடத்துக்கு நகல் போனால், பதில் மேலிடத்துக்காக எழுதப்படும். அனுப்பிய நேரம் 8ஆம் வாரம் திங்கள் காலை. பருவக் கடைசியில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் வரும், அதில் எழுதிக்கொள்ளலாம் என்று சில பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிவத்தால் பயன்பட்டால் அடுத்த பருவத்துப் பிள்ளைகள் பயன்படுவார்கள். இவர்களுக்குக் குவிஸ் 9ஆம் வாரம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணில் பாரபட்சம், வகுப்பில் அவமானம், தொந்தரவு, இதற்கெல்லாம் இந்த மாதிரிக் கடிதம் உதவாது. அதற்குப் புகார் நடைமுறை தனியாக இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும். இது ஒழுங்கு குலைந்த பாடத்துக்கு மட்டும்.

கிரெடிட் கணக்கையும் கடிதத்தில் சேர்க்கலாமா என்று கேட்டாள். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேரம், எனவே இந்தப் பாடத்துக்கு 120 மணி. விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் படிப்பதும் தேர்வு எழுதுவதும் இதில் அடக்கம். எல்லாம் தள்ளிப்போய்க் கடைசி நான்கு வாரத்தில் குவிந்தால் அந்தக் கணக்கு காகிதத்தில்தான் நிற்கும். நல்ல வாதம்தான், ஆனால் முதல் கடிதத்தில் மிரட்டல் போலத் தெரியும். இரண்டாவது கடிதம் தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

தேவைப்படவில்லை. புதன்கிழமை பதில் வந்தது. வெள்ளிக்கிழமை முதல் குவிஸ் மதிப்பெண் வந்தது, அந்த இரண்டு கேள்விக்கும் விடை விளக்கத்தோடு. இரண்டாம் குவிஸ் 10ஆம் வாரத்துக்குப் போனது. அட்டவணை தளத்தில் ஏறியது. திட்டப்பணிக்கு இரு பிரிவுக்கும் 12ஆம் வாரம் வெள்ளி. ஆனால் விளக்கத் தாள் மட்டும் கடைசி வரை குழப்பமாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் அறிக்கை பத்துப் பக்கம், இன்னோர் இடத்தில் பதினைந்து. இவர்கள் குழு பன்னிரண்டு பக்கம் கொடுத்ததாம்.

10ஆம் வாரம் வகுப்பு முடிந்து லெக்சரர் இவளைக் கூப்பிட்டிருக்கிறார். திட்டு விழப்போகிறது என்று நினைத்துப் போயிருக்கிறாள். இணைப்பிலிருந்த அந்த வாரவாரியான பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தாராம். “இதைத்தான் நான் 4ஆம் வாரத்திலிருந்து எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்” என்றாராம்.