மழை பெய்யும்போது ஓடையில தண்ணி குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க

நம்ம கடலூர்க்காரங்களுக்கு வெள்ளத்தைப் பத்தி யாரும் க்ளாஸ் எடுக்க வேணாம். 2024 ஃபெஞ்சல் புயல்ல சாத்தனூர் டேமைத் திறந்துவிட்டு தென்பெண்ணை பொங்கி வந்தப்போ என்ன பண்ணோம், சாமானைப் பரண்ல ஏத்துனோம், பெருசுங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போனோம், வாசப்படியில தண்ணி எங்க நிக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தோம். அந்தப் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 48 செ.மீ. கொட்டுச்சு, ஊரே மிதந்துச்சு. ஆனா திருவண்ணாமலையில மலையடிவாரத்து வீடு மேல நிலச்சரிவு சேறும் பாறையுமா இறங்கி 7 பேர் போயிட்டாங்க, அதுல 5 குழந்தைங்க. ஒரே புயல்தான், நமக்குப் பக்கத்துல மலை இல்ல, அங்க இருந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

நான் ஏன் இதை எழுதுறேன்னா, லீவு விட்டா நம்மாளுங்க மலைக்குக் கிளம்பிடுறாங்க, அதுவும் ஓடை சத்தம் கேட்டுட்டே தூங்கலாம்னு போட்டோ போடுற ஹோம்ஸ்டேவா பாத்து புக் பண்றாங்க. மாடிக்குப் போனா பொழைச்சுக்கலாம்ங்கிற நம்ம கடலூர் புத்தி அங்க செல்லாது.

கேரளாவுல வயநாட்டு நிலச்சரிவையே எடுத்துக்கங்க. மலை மேல ஓடை ஆரம்பிக்கிற இடம் குழிவா இருக்கும், பாறைக்கு மேல வருஷக்கணக்கா மண்ணும் கல்லும் சேர்ந்து கிடக்கும், சுத்துப்பட்டு மழைத்தண்ணி எல்லாம் அங்கதான் வந்து சேரும். 2024 ஜூலை 29ஆம் தேதி அங்க கல்லடிங்கிற இடத்து மழைமானியில 20 செ.மீ. பதிவாச்சு, மறுநாள் காலைக்குள்ள இன்னும் 37 செ.மீ. முதல் மழையிலயே மண்ணு முட்டக் குடிச்சிருச்சு, அதுக்கு மேல வந்த தண்ணிக்குப் போக இடமில்ல, மண்ணுக்குள்ளயே அழுத்தம் ஏறி ஒரு துகளை இன்னொரு துகள் பிடிச்சு நிக்கிற பிடி விட்டுப்போச்சு. சுமார் 1550 மீட்டர் உயரத்துல இருந்து பிச்சுக்கிட்டு கிளம்புன சேறும் பாறையும் ஓடை வழியா கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் ஓடுச்சு, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலைன்னு வரிசையா ஊருங்களை அடிச்சுக்கிட்டு. இறந்தவங்க 200 பேருக்கு மேல.

கிளம்பும்போது இருந்த அளவுலயே அது கீழ வந்து சேராது, அதான் கொடுமை. வர்ற வழியில ஓடையோட படுகை, கரை, மரம், பாறைன்னு அள்ளிக்கிட்டு பெருசாகிட்டே வரும். ரெடிமிக்ஸ் லாரியில இருந்து கொட்டுற கான்கிரீட் மாதிரி கெட்டி, எடையும் தண்ணியைப் போல ரெண்டு மடங்கு கிட்ட, அதனாலதான் வீடு சைஸ் பாறையைக்கூடத் தூக்கிட்டு வருது. மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகம்லாம் சாதாரணம், ஓடி ஜெயிக்க முடியாது.

சரி, முன்கூட்டியே என்ன தெரியும்? நான் முதல்ல சொல்றது ஓடையைத்தான். மழை விடாம அடிக்குது, ஆனா ஓடையில தண்ணி திடீர்னு குறையுதுன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க, மேல எங்கயோ சரிஞ்சு ஓடையை அடைச்சிருக்கலாம், அந்த அடைப்பு உடைஞ்சா மொத்தமா வரும். தெளிவா ஓடுனது சட்டுனு செம்மண் கலரா மாறுறது, வேரோட மரம், கிளை மிதந்து வர்றது, மழை சத்தத்தைத் தாண்டி கல்லு ஒன்னோட ஒன்னு மோதுற சத்தம், தரையில அதிர்வு, இதுல ஒன்னு தெரிஞ்சாலும் உடனே கிளம்பணும், போனை எடுத்து வீடியோ எடுக்கக் கூடாது. சில நாள் முன்னாடியே மேட்டுல புது விரிசல், இதுவரை ஊத்து இல்லாத இடத்துல ஊத்து, சாயுற மரம், கரண்ட் கம்பம் இதெல்லாம் தெரியலாம், ஆனா அது வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சரிவுக்குத்தான் உதவும், நாலு கிலோமீட்டர் மேல காட்டுக்குள்ள விரிசல் விட்டா கீழ இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ராத்திரியில ஓடையும் கண்ணுக்குத் தெரியாது. வயநாட்ல வந்தது நடு ராத்திரிக்கு மேல, 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடியில நம்ம தமிழ்த் தோட்டத் தொழிலாளிங்க 70 பேரைக் கொண்டுபோனதும் ராத்திரியிலதான். அதனால ரெண்டு நாளா மழை ஊறியிருக்கு, இன்னும் கனமழைன்னு சொல்றாங்கன்னா அறிகுறிக்குக் காத்திருக்காம வெளிச்சம் இருக்கும்போதே ஓடைக்கரையைக் காலி பண்றதுதான் புத்தி. வாய்க்கால் மாதிரி இடுங்குன பள்ளத்தாக்கு வாயில விசிறி மாதிரி விரிஞ்ச சமதளம், அங்கங்க பெரிய பெரிய உருண்டைப் பாறை கிடக்குன்னா, பல இடத்துல அது முன்னாடி இப்படி வந்து கொட்டுனதுதான், இதைப் பாத்துட்டு ரூம் போடுங்க.

சத்தம் கேட்டா ஓடையோட போற திசையில ரோட்டைப் பிடிச்சு கீழ ஓடாதீங்க, பக்கவாட்டுல மேடு ஏறுங்க, பாலத்தைத் தாண்டவே வேணாம். அப்புறம், ஒரு தடவை வந்து போயிடுச்சுன்னு இறங்கித் தேடப் போகாதீங்க. வயநாட்ல முதல் நிலச்சரிவுக்கப்புறம் சில மணி நேரத்துல, விடியறதுக்கு முன்னாடியே இன்னொன்னு வந்துச்சு.