முருங்கை இலைத் தூளை மருந்தாக்கி விற்காதீர்கள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கங்களில் மூலிகைத் தூளும் எண்ணெயும் விற்கும் சிறு தொழில்களுக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. நான் அளந்து எழுதிக் கொடுத்த பக்கத்தில், என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ‘நீரிழிவை வேரோடு அகற்றும், பக்கவிளைவு அறவே இல்லை’ என்று ஒரு வரியைச் செருகிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “இப்பிடிச் சப்பெண்டு எழுதினா ஆர் தங்கச்சி வாங்குவினம்? மற்றக் கடைக்காரன் சீனி வருத்தம் மாறும் எண்டு போட்டிருக்கிறான்” என்ற பதில்தான் வருகிறது. அண்மையில் முருங்கை இலைத் தூள் பக்கம் ஒன்றுக்கு நடந்ததை இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் நடப்பது இதுவேதான்.

முதலில் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த கணக்கைப் பாருங்கள். ‘வாழைப்பழத்தைவிட 15 மடங்கு பொட்டாசியம், தோடம்பழத்தைவிட 7 மடங்கு விற்றமின் சி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இது உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும் வரி. எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ஆளுக்காள் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த முருங்கை இலைத் தூள் 100 கிராமில் பொட்டாசியம் ஏறத்தாழ 1300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வாழைப்பழம் 100 கிராமில் சுமார் 360 மில்லிகிராம் இருக்கிறது. நீர் முழுவதும் போன தூளை நீர் நிறைந்த பழத்தோடு எடைக்கு எடை ஒப்பிட்டாலும், அது 4 மடங்கைக்கூடத் தொடவில்லை. அதுவும் போகட்டும், யார் 100 கிராம் தூளை ஒரே வேளையில் சாப்பிடுகிறார்கள்? பொதியில் எழுதியிருப்பது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 3 கிராம். அதில் கிடைப்பது 40 மில்லிகிராம் அளவுதான். உண்மையில் ஒரு வாழைப்பழம் தருவது அந்தக் கரண்டித் தூள் தருவதைப்போல் ஒன்பது மடங்கு! வாங்குபவர் காசு கொடுத்துப் பெறுவதற்கும் பக்கம் சொல்வதற்கும் இடையில் உறவு தலைகீழாக இருக்கிறது. விற்றமின் சி கதை இன்னும் மோசமானது. அந்த 7 மடங்கு பச்சை இலைக்குச் சொல்லப்பட்டது. இலையை உலர்த்தி அரைக்கும்போது விற்றமின் சி பெரும்பகுதி அழிந்துபோகிறது. பச்சை இலையின் கணக்கைத் தூளின் பக்கத்தில் ஒட்டுவது பொய்யைத் தவிர வேறில்லை.

ஆகவே சத்தைப் பற்றி எதை எழுதினாலும், மக்கள் உண்மையில் உண்ணும் அளவுக்கு எழுத வேண்டும், விற்கும் வடிவத்துக்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்குத் தலையாட்டினார்கள். பிறகு நோய்க்கு வந்தோம். சண்டை அங்கேதான் தொடங்கியது.

‘நீரிழிவைக் குணப்படுத்தும்’ என்பதை எடுக்கச் சொன்னபோது, ‘நீரிழிவைக் கட்டுப்படுத்த உதவக்கூடும்’ என்று மாற்றிவிட்டு, இனிச் சிக்கல் இல்லைதானே என்று கேட்டார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. வினையைத் தளர்த்திவிட்டால் கூற்று பாதுகாப்பாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். நோயின் பெயரைச் சொல்லி, இந்தத் தூள் அதன்மேல் வேலை செய்யும் என்று சொல்லும்வரை, ‘கூடும்’ போட்டாலும் ‘லாம்’ போட்டாலும் வாசிப்பவர் மனதில் அது மருந்தாகத்தான் பதியும். உணவுப்பொருள் என்று பதிந்து விற்கும் ஒன்றுக்கு நோய் தீர்க்கும் குணத்தை ஏற்றிச் சொன்ன கணமே, மருந்துக்குக் கேட்கப்படும் கேள்விகள் அதன்மேல் திரும்புகின்றன. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் முகப்புச்சீட்டையும் தடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டமும் பொய்யான எடுத்துரைப்பைக் குற்றமாக்குகிறது. பொதி லண்டனுக்குப் போகிறது என்றால் அங்கும் உணவுக்கு நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணமாக்கும் இயல்பைச் சொல்லக் கூடாது. இந்தச் சட்டங்களைச் சொல்லி நான் பயமுறுத்த முயல்வதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவைத் தட்டமாட்டார் என்ற துணிச்சலில் இருப்பவர்களுக்கு அது உறைப்பதும் இல்லை.

எனக்கு உறைப்பது வேறு. முருங்கை இலையும் குருதிச் சீனியும் பற்றி ஆய்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. எலிகளில் செய்தவை நிறைய உண்டு. மனிதர்களில் செய்தவை சிறியவை, சிலவற்றில் சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி சற்றுக் குறைந்திருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் மாறவில்லை. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் வாக்குக் கொடுக்க முடியாது. இனி அந்த நோயாளி யார் என்று நினைத்துப் பாருங்கள். மாதா மாதம் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போய், வெயிலில் நின்று, மெற்போமின் வாங்கிவரும் அறுபது வயது அம்மா. கனடாவில் இருக்கும் மகன் இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பொதியை வீட்டுக்கே அனுப்பச் சொல்கிறான். ‘வேரோடு அகற்றும், பக்கவிளைவு இல்லை’ என்று வாசித்த பிறகு அந்த அம்மா குளிசையை ஏன் தொடர்ந்து போட வேண்டும்? நிறுத்தினால் சீனி ஏறிக்கொண்டே போகும், அது கண்ணையும் பாதத்தையும் அரிப்பது உடனே வெளியில் தெரியாது. நிறுத்தாமல், இன்சுலினோடும் கிளிக்கிளசைட் போன்ற குளிசையோடும் தூளையும் அள்ளிப் போட்டால், சீனி இறங்கி வியர்த்து நடுங்கி மயங்கும் வாய்ப்பும் இருக்கிறது. தூள் வேலை செய்யாவிட்டாலும் கேடு, உண்மையிலேயே வேலை செய்தாலும் கேடு வரலாம் என்பதை அந்தப் பக்கத்தை எழுதியவர் ஒரு கணமாவது நினைத்தாரா?

வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது இங்குள்ள யாருக்கும் புதிய செய்தியல்ல. சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் பலரைப் பொட்டாசியம் குறைத்துச் சாப்பிடச் சொல்லுகிறார்கள். ஒரு கரண்டித் தூளால் பெரிய மாற்றம் வராது என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘15 மடங்கு’ என்று பெருமையடித்துவிட்டு, நாளொன்றுக்கு எவ்வளவு என்று எங்கும் எழுதாமல், இயற்கையானது என்ற ஒரே காரணத்தால் யாரும் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணத்தைக் கொடுத்தால், அந்த நோயாளி கரண்டியோடு நிற்பார் என்று யார் உறுதி சொல்வது?

இத்தனையும் பேசி, ஒருவாறு உடன்பட்டு, பக்கம் திருத்தி ஏற்றினோம். அடுத்த கிழமை பார்க்கிறேன், பக்கத்தின் உள்ளே நான் எழுதியது அப்படியே இருக்கிறது, தலைப்பில் இது:

```html
<title>முருங்கை இலைத் தூள் | நீரிழிவுக்கு இயற்கைத் தீர்வு</title>
```

தேடுபவரின் திரையில் முதலில் விழுவது இந்த வரிதான். பக்கத்தைத் திறக்கும் முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குக் கீழே குருதிச் சீனி அளக்கும் கருவியின் படம். அதற்கும் கீழே வட்ஸ்அப்பில் வந்த ஒரு வாடிக்கையாளரின் செய்தி: 280 இல் இருந்த சீனி 110க்கு வந்துவிட்டதாம். அவர் சொன்னதைத்தானே போட்டோம், நாங்கள் சொல்லவில்லையே என்கிறார்கள். தன் கடைப் பக்கத்தில் தெரிந்தெடுத்துப் போட்ட பிறகு அது கடையின் கூற்றுத்தான். அந்த ஐயா அதே காலத்தில் இரவுச் சோற்றை நிறுத்தினாரா, கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்களா, 280 சாப்பிட்ட பின் எடுத்ததா, 110 வெறுவயிற்றில் எடுத்ததா என்று எதுவும் அதில் இல்லை. இப்படி எல்லாம் செய்துவிட்டு, அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ‘இது மருந்தல்ல’ என்று ஒரு வரி. மேலே முழுப் பக்கமும் மருந்து என்று கத்தும்போது அந்த ஒரு வரி யாரைக் காப்பாற்றும்? வாங்குபவரையா, விற்பவரையா?

என் கோபத்தை இன்னும் கூட்டுவது ஒன்று உண்டு. இலை எங்கே பறித்தது, பறித்து எத்தனை மணித்தியாலத்தில் கழுவினீர்கள், நிழலில் உலர்த்தினீர்களா வெயிலிலா, அரைத்த திகதி என்ன, திறந்தபின் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை. எந்த எந்த வருத்தம் மாறும் என்று கேட்டால் மூச்சு விடாமல் பட்டியல் வருகிறது! விற்பவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியது முதலாவதுதான், வாங்குபவர் நம்பி வாங்கக் கூடியதும் அதுதான். இலை வெயிலில் கிடந்து பழுப்பாகியிருந்தாலோ, ஈரம் போகாமல் அடைத்துக் கட்டிபட்டிருந்தாலோ பொதியைத் திறந்தவுடனேயே தெரிந்துவிடும். ஆகவே அவற்றைச் சரியாகச் செய்து, அதைச் சொல்லி விற்பதில் என்ன வெட்கம்?

அந்தப் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘ஒட்டுசுட்டான் வீட்டுத் தோட்டங்களில் பறித்த முருங்கை இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி அரைத்தது. வேறெதுவும் கலக்கவில்லை. அரைத்த திகதி பொதியில் உண்டு. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி (3 கிராம்) கஞ்சியிலோ பருப்பிலோ சேர்த்துச் சாப்பிடலாம். இது உணவு, எந்த நோய்க்கும் மருந்தல்ல. நீரிழிவுக்கோ உயர் குருதி அமுக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்களும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் தங்கள் வைத்தியரிடம் கேட்டபின் பயன்படுத்துங்கள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம்.’ கடைசி மூன்று வசனங்களும் அளவுக்குப் பக்கத்தில், வாங்கும் பொத்தானுக்கு மேலே, மற்ற எழுத்தின் அதே அளவில் இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். முதல் வரிகளில் உள்ள ஒவ்வொன்றையும் அவர்கள் செய்து பார்த்து உறுதிசெய்த பிறகே ஏற்ற வேண்டும் என்பதும் என் நிபந்தனை. நிழலில் உலர்த்தாமல் ‘நிழலில் உலர்த்தியது’ என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

இப்போது அதே முதலாளி சிறுகுறிஞ்சாத் தூளுக்கும் ஒரு பக்கம் கேட்கிறார். அதற்கும் நீரிழிவுதான் மனதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முருங்கைப் பக்கத்தின் தலைப்பு வரியும் கருவிப் படமும் அந்த வட்ஸ்அப் செய்தியும் இறங்கும்வரை ஒரு வரியும் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் பிடிப்போம் என்கிறார். தாராளமாகப் பிடிக்கட்டும், ஆனால் நான் எழுதிய ‘இது உணவு; எந்த நோய்க்கும் மருந்தல்ல’ என்ற வசனத்தை அந்தத் தலைப்புக்கு முட்டுக்கொடுக்க வைத்திருக்க விடமாட்டேன்.