உயரம் கூடினால் வேகம் குறையும்

“உயரம் கூடக்கூட, விழாமலிருக்கச் செயற்கைக்கோள் இன்னும் வேகமாகச் செல்ல வேண்டும்” என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இல்லை, நேர்மாறு. செயற்கைக்கோளைப் பாதையில் வளைக்கும் மையநோக்கு விசையாக இருப்பது பூமியின் ஈர்ப்பு மட்டுமே: GMm/r² = mv²/r. இதில் G ஈர்ப்பு மாறிலி, M பூமியின் நிறை, m செயற்கைக்கோளின் நிறை, r பூமியின் மையத்திலிருந்து அதன் தொலைவு, v அதன் வேகம். m அடிபட்டுப்போய் v = √(GM/r) என்றாகிறது; r கூடினால் v குறையும். 2009இல் ஏவப்பட்ட நம் மலேசியச் செயற்கைக்கோள் ரசாக்சாட், பூமியின் மையத்திலிருந்து சுமார் 7,060 கி.மீ. தொலைவில், வினாடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 98 நிமிடங்களில் ஒரு சுற்றை முடித்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் மீசாட் செயற்கைக்கோள் அதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தொலைவில் இருக்கிறது. வேகம் √6 மடங்கு குறைந்து வினாடிக்கு 3.07 கி.மீ. ஆகிறது, பாதையோ ஆறு மடங்கு நீளம். ஆகவே சுற்றுக்காலம் ஏறக்குறைய 14.6 மடங்காகி, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகிறது. பினாங்கில் எங்கள் மாடியிலுள்ள டிஷ், ஏறத்தாழ உச்சி வானத்தைப் பார்த்தபடி, திருப்பாமலே படம் தருவது அதனால்தான். உயரே கொண்டுபோக ஆற்றல் அதிகம் தேவை என்பது உண்மை; கட்டுரையாளர் அதைத்தான் வேகம் என்று எடுத்துக்கொண்டார் போலும்.