கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லையா?

அந்தப் பின்னூட்டச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஜெர்மனியில் எம்.எஸ். சீட் கிடைத்தும் சென்னை வேலையிலேயே இருக்கிறேன் என்று சொன்ன என் அக்கா மகளை "ஓசிப் படிப்பை உதறிய முட்டாள்" என்று ஒருவர் எழுத, என் நண்பர்களே அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள். வலித்தது.

கட்டணம் இல்லை என்பது வேறு, செலவு இல்லை என்பது வேறு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, சரி. அவள் இப்போது கையில் வாங்கும் 40,000 ரூபாய்? இரண்டு வருடத்தில் 9 லட்சத்து 60 ஆயிரம். யாருக்கும் கட்டாத பணம், ஆனால் கைக்கு வராமல் போகும் பணம். பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வழியின் மதிப்பு.

அப்புறம் தங்கல், சாப்பாடு. விசாவுக்கு, மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 23.8 லட்சம். இதை அப்படியே கூட்டினால் தப்பு, சென்னையிலும் அவள் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 15,000 கொடுக்கத்தான் போகிறாள். அந்த 3.6 லட்சத்தைக் கழித்தால் கூடுதல் செலவு 20.2 லட்சம். சம்பளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 லட்சம். இதுதான் உங்கள் ஓசி.

"ஏபிஎஸ் சான்றிதழுக்குக் கட்டிய 18,000 வீணாச்சே" என்கிறார் இன்னொருவர். ஜெர்மன் விசாவுக்காக நம் படிப்புச் சான்றுகள் உண்மையா என்று சரிபார்த்துத் தருவது அது. போனாலும் இருந்தாலும் அந்தப் பணம் திரும்பாது, அதனால் இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. "பார்ட் டைம் வேலை பார்க்கலாமே" என்பது நியாயமான கேள்வி. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, கிடைப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாதவருக்கு வேலை அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை. "பிறகு யூரோவில் சம்பளம் வருமே?" வரலாம். இங்கேயே இருப்பதன் வாய்ப்புச் செலவு அதுதான், அது அவளுக்கும் தெரியும். படித்து முடித்தும் வேலை தேடி மாதக்கணக்கில் நிற்க நேர்ந்தால் இந்தச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி யார் கட்டுவது? லைக் போட்டவர்களா?

எல்லோரும் போகக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வேலையே கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கச் சம்பளம் இல்லை, அவனுக்கு இதே படிப்பு மலிவு. ஒரே சீட்டு, ஆளுக்கு ஆள் விலை வேறு. இது ஏன் உங்களுக்குப் புரிய மாட்டேன் என்கிறது?

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் படித்தது அரசுக் கல்லூரி, பீஸ் பெயருக்குத்தான். நான் படிக்க வேண்டும் என்று அண்ணன் ஐடிஐயைப் பாதியில் விட்டு லேத் பட்டறைக்குப் போனார். படிப்பை முடித்திருந்தால் ஃபிட்டர் சான்றிதழோடு நல்ல கம்பெனிக்கு முயற்சி செய்திருப்பார். இன்றும் அதே பட்டறையில்தான் நிற்கிறார். "நீ ஓசியில படிச்சவன்தானே" என்று சொந்தக்காரர் ஒருவர் போன பொங்கலுக்கு அவர் முன்னாலேயே சொன்னார், அண்ணன் ஒன்றும் பேசவில்லை. என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.