ஈக்யூவைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்

கிட்டார் ரெக்கார்டிங்கில் "டோன் சரியில்லை" என்று யாராவது சொன்னால், உடனே எந்த மைக், எந்த ப்ரீஆம்ப் என்றுதான் பேச்சு போகிறது. மைக்கை ஸ்பீக்கரின் எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதல் கேள்வி அதுதான்.

போன மாதம் ஒரு டிஸ்டார்ஷன் ரிதம் டிராக் எடுத்தேன். 12 இஞ்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு ஷூர் எஸ்எம்57 மைக். கிரில் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேராக நடு மையத்தில் வைத்தேன். அறையில் நின்று கேட்டபோது கனமாக, உருண்டையாக இருந்த அதே சத்தம், ஹெட்போனில் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. கை தானாக ஈக்யூவுக்குப் போனது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினேன். இரைச்சலோடு பிக் விழும் கூர்மையும் போய்விட்டது.

தப்பு ஆம்ப்பில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. ஸ்பீக்கரின் கோன் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம். 4000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமோ எட்டரை சென்டிமீட்டர்தான். அலைநீளத்தைவிட கோன் இவ்வளவு பெரிதாக இருந்தால், அந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவாது. டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்முன்னால் பாயும். கேபினெட் தரையில், என் காது அதற்கு நாலடி மேலே. ட்ரெபிள் என் முழங்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, நான் குறைவாகக் கேட்கிறதே என்று ஆம்ப்பின் ட்ரெபிள் குமிழை ஏற்றி வைத்திருந்தேன். மைக் மட்டும் அந்த வெளிச்சத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு எஸ்எம்57க்கு 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒரு மேடு உண்டு.

ஈக்யூவை அழித்துவிட்டு டார்ச் அடித்துத் துணிக்குப் பின்னால் பார்த்தேன். கோனின் நடுவில் குமிழாகத் தெரிவது டஸ்ட் கேப். அது கோனோடு சேரும் விளிம்புக்கு நேராக மைக்கை நகர்த்தினேன். தூரம் மாறவில்லை, கோணமும் மாறவில்லை. இரைச்சல் பாதி அடங்கியது, பிக்கின் கூர்மை அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் வெளியே போனால் சத்தம் இருண்டு கனத்தது. தனியாகக் கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பேஸ் கிட்டாரோடு சேர்த்தால் காணாமல் போனது. திரும்பி ஒரு சென்டிமீட்டர் உள்ளே. அங்கேயே வைத்துவிட்டேன்.

தூரம் வேறு விஷயம். இந்த வகை மைக் ஸ்பீக்கரை நெருங்க நெருங்க அடித்தொனியை ஊதிப் பெருக்கும். லோ ஈ கம்பியில் பாம் மியூட் அடிக்கும்போது தொம் தொம்மென்று மிதந்தால், மைக்கைப் பத்து சென்டிமீட்டர் வரை பின்னால் இழுங்கள். அதற்குமேல் போனால் அறையின் எதிரொலியும் உள்ளே வரத் தொடங்கும்.

அப்புறம் ஆசை விடவில்லை. ஒரு ரிப்பன் மைக்கையும் பக்கத்தில் சேர்த்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. ஒன்றாகத் திறந்தால் சத்தம் டப்பாவுக்குள் போய்விட்டது. காரணம், ரிப்பன் ஐந்து சென்டிமீட்டர் பின்தங்கி இருந்தது. ஒலி அந்த ஐந்து சென்டிமீட்டரைக் கடக்க 0.15 மில்லிசெகண்ட் ஆகும். கேட்க ஒன்றுமில்லாத நேரம்தான். ஆனால் 3400 ஹெர்ட்ஸ் பக்கம் அது சரியாக அரை அலை. ஒரு மைக்கில் ஏறும்போது மற்றதில் இறங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கிட்டாரின் தெளிவு இருக்கும் இடமும் அதுதான்.

மைக் கூட்டின் நுனியை ஸ்கேலால் அளந்து சமப்படுத்தினால் போதாது. உள்ளே ஒலியை வாங்கும் பாகம் ஒவ்வொரு மைக்கிலும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கும். நான் செய்வது இதுதான்: இரண்டு மைக்கையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பிவிடுவேன், அதாவது அதன் அலையைத் தலைகீழாக்குவேன். கிட்டாரிஸ்ட் ஒரே கார்டை அடித்துக்கொண்டே இருக்க, ரிப்பனை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்துவேன். சத்தம் எங்கே மிகவும் மெலிந்து போகிறதோ, அங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். பொலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் கனம் முழுதாகத் திரும்பி வரும். இரண்டு மைக்கும் வேறு வேறு குணம் என்பதால் முழு நிசப்தம் வராது. அதை எதிர்பார்த்து நகர்த்திக்கொண்டே இருக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து முடித்து, அந்தப் பாட்டில் ரிப்பனை மியூட் செய்துவிட்டேன் என்பது வேறு கதை. ஒரு எஸ்எம்57 போதுமாக இருந்தது.

ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டினேன். கிரில்லில் ஒரு சின்னத் துண்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ. மறுநாள் இரண்டாவது வரியில் ஒரு திருத்தம் அடிக்க வேண்டியிருந்தது. புதிதாக அடித்த நான்கு பார் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தது. போய்ப் பார்த்தால், ராத்திரி யாரோ கேபிளைத் தட்டியிருக்கிறார்கள். மைக் டேப்பிலிருந்து ஒரு விரல் அகலம் நடுவை நோக்கி நகர்ந்திருந்தது.